மண்ணிலிருந்து ஆக்டினோமைசீட்களைப் பிரித்தெடுத்தல்: நீர்த்தல் தட்டு எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது

ஒரு கிராம் தோட்டமண்ணை நீரில் கலக்கி, அதில் ஒரு துளியைப் பாக்டீரியா வளர்ப்பில் வழக்கமாகப் பயன்படும் சத்து மிகுந்த அகார் தட்டில் பரப்பி வைத்தால், மறுநாளே தட்டு முழுவதும் வழவழப்பான காலனிகள் படர்ந்துவிடும். அந்தத் துளியில், நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்காகத் தேடப்படும் ஆக்டினோமைசீட்கள் என்ற இழைப் பாக்டீரியாக்களும் இருந்திருக்கும். ஆனால் அவை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர மூன்று நான்கு நாட்களாவது ஆகும் என்பதால், அதற்குள் இடமும் உணவும் தீர்ந்துபோயிருக்கும். மண்ணிலிருந்து இவற்றைப் பிரிக்கும் நீர்த்தல் தட்டு முறையின் ஒவ்வொரு படியும், மெதுவாக வளரும் இந்த உயிரிகளுக்கு முன்னால் ஓடும் மற்றவற்றை நிறுத்திவைப்பதற்காகவே அமைந்தது. அந்த நோக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், செய்முறைக் குறிப்புகளில் காரணம் சொல்லப்படாமல் வரும் உலர்த்துதல், மாவுச்சத்து, இரண்டு வாரக் காத்திருப்பு ஆகியவை ஏன் இருக்கின்றன என்பது விளங்கும்.

ஆக்டினோமைசீட்கள் பார்வைக்குப் பூஞ்சையைப் போலிருந்தாலும் பாக்டீரியாக்களே. கிளைத்த மெல்லிய இழைகளாக வளர்ந்து, ஒரு பகுதியை உணவுப்பரப்புக்குள் வேர்போல் இறக்கி, மறுபகுதியைக் காற்றில் எழுப்பி, அதன் நுனிகளில் வித்துகளைச் சங்கிலியாக உருவாக்குவது இவற்றில் மிகப் பெரிய பேரினமான ஸ்ட்ரெப்டோமைசிஸின் வாழ்க்கை முறை. நகர முடியாத இந்த உயிரி, உணவு குறையும்போது தன் கீழ் இழைகளின் ஒரு பகுதியைத் தானே சிதைத்து, அதிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு மேல் இழைகளை எழுப்புகிறது. அப்படிச் சிதைந்து வெளியாகும் சத்து அக்கம்பக்கத்துப் பாக்டீரியாக்களுக்கும் நல்ல உணவு. நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் உற்பத்தி பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே தொடங்குவதால், அவை அந்த உணவைக் காக்கும் வேலி என்ற விளக்கம் பலராலும் ஏற்கப்படுகிறது. அதே பொருள்கள் சிறு அளவில் உயிரிகளுக்கிடையே சமிக்ஞையாகவும் செயல்படலாம் என்ற கருத்தும் உண்டு. எதுவானாலும், பிரித்தெடுப்பவருக்குப் பயன்படும் செய்தி ஒன்றுதான்: வளர்ச்சி வேகமாக நடக்கும்போது எதிர்ப்பியைத் தேடிப் பயனில்லை.

இந்த முறையின் வரலாற்றில் திருப்பமாக அமைந்தது நியூஜெர்சியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மண் நுண்ணுயிரியலாளர் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் நடந்த வேலை. அங்கு 1940இல் ஆக்டினோமைசினும், 1942இல் ஸ்ட்ரெப்டோத்ரைசினும் கிடைத்தன. இரண்டும் பாக்டீரியாவைக் கொன்றன. ஆனால் விலங்குகளுக்கும் நஞ்சாக இருந்தன. 1943இல் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆய்வு மாணவர் தனித்தெடுத்த இரண்டு ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் வளர்ப்புகளிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. ஒன்று எருவிட்ட வயல்மண்ணிலிருந்து வந்தது. மற்றொன்று ஒரு கோழியின் தொண்டையிலிருந்து எடுக்கப்பட்டது. ஷாட்ஸ், எலிசபெத் பியூகி, வாக்ஸ்மன் மூவரின் பெயரில் 1944 ஜனவரியில் அறிக்கை வெளியானது. காசநோய்க் கிருமிக்கு எதிராக வேலை செய்த முதல் நுண்ணுயிர் எதிர்ப்பி அதுதான். இதில் கவனிக்க வேண்டியது, அதே இனத்தை வாக்ஸ்மன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே மண்ணிலிருந்து பிரித்து விவரித்திருந்தார் என்பது. அந்தப் பழைய வளர்ப்பு ஸ்ட்ரெப்டோமைசினை உற்பத்தி செய்யவில்லை. எதிர்ப்பியை உண்டாக்கும் திறன் இனத்தின் பெயரோடு வருவதில்லை. தனித்தனி வளர்ப்போடு வருகிறது. ஆகையால் தட்டில் ஒரே மாதிரித் தோன்றும் பத்து காலனிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற ஒன்பதை விட்டுவிடுவது சிக்கனமல்ல, இழப்பு.

வேலை மண்ணை எடுப்பதில் தொடங்குகிறது. மேற்பரப்பின் இலைச்சருகை விலக்கி, ஐந்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எடுப்பது வழக்கம். ஆக்டினோமைசீட்களுக்குக் காற்று தேவை. நடுநிலையை ஒட்டிய அல்லது சற்றே காரமான மண்ணில் அவை மிகுதி. நீர் தேங்கிய மண்ணிலும் அமில மண்ணிலும் பொதுவாகக் குறைவு. எடுத்த மண்ணைச் சலித்து, நிழலில் தாளின் மேல் மெல்லிய படலமாகப் பரப்பி ஒரு வாரம் உலர விட வேண்டும். இந்த உலர்த்தலே முதல் சல்லடை. நீர்ப்பசையில்லாமல் வாழ முடியாத பல பாக்டீரியாக்கள், குறிப்பாகக் கிராம் நெகட்டிவ் வகையினர், இதில் பெருமளவு இறந்துபோக, ஸ்ட்ரெப்டோமைசிஸின் வித்துகள் வறட்சியைத் தாங்கி நிற்கின்றன.

உலர்த்திய மண்ணைச் சூடாக்குவதும் உண்டு. இங்குதான் பலர் தவறுகிறார்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸின் வித்தும், வேகமாக வளரும் மண் பாக்டீரியாவான பேசில்லஸின் உள்வித்தும் ஒன்றல்ல. பின்னது கொதிநீரையே தாங்கும். முன்னது உலர்ந்த நிலையில் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை ஒரு மணி நேரம் வரை தாங்கக்கூடும் என்றாலும், நீரில் நனைந்த நிலையில் 55 டிகிரிக்கு மேல் விரைவில் தளர்ந்துவிடும். மண்கரைசலை 80 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தவருக்குத் தட்டு முழுவதும் பேசில்லஸ் கிடைப்பதில் வியப்பில்லை. அவர் செய்தது பேசில்லஸைப் பிரித்தெடுக்கும் முறை. மண் உலர்ந்திருக்கும்போது சூடாக்குவது, அல்லது கரைசலை 50 முதல் 55 டிகிரியில் சில நிமிடங்கள் மட்டும் வைப்பது என்ற எல்லையை மீறக் கூடாது. சூடாக்கலுக்குப் பதிலாகவோ அதற்கு முன்னதாகவோ செய்யக்கூடிய மற்றொரு வழி, பத்துப் பங்கு மண்ணுடன் ஒரு பங்கு கால்சியம் கார்பனேட்டைக் கலந்து, ஈரமான காற்றில் 28 டிகிரியில் ஒரு வாரத்துக்கும் சற்று மேல் வைப்பது. இதில் ஆக்டினோமைசீட்கள் மண்ணிலேயே பெருகுகின்றன. ஆனால் அப்படிப் பெருக்கிய மண்ணின் எண்ணிக்கையை இயற்கை மண்ணின் எண்ணிக்கையாக எழுதக் கூடாது.

அடுத்தது நீர்த்தல். பத்துக் கிராம் மண்ணை, கிருமி நீக்கிய 90 மில்லிலிட்டர் உப்புக் கரைசலில் இட்டு அரைமணி நேரம் ஆட்ட வேண்டும். இது 10⁻¹ எனப்படும் முதல் கரைசல். இதிலிருந்து ஒரு மில்லிலிட்டரை ஒன்பது மில்லிலிட்டர் கரைசலுள்ள குழாயில் சேர்த்தால் 10⁻². இப்படியே தொடர்ந்து 10⁻⁵ வரை இறக்கலாம். படி எளிது, ஆனால் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வித்துகள் நீரை ஒட்டாத தன்மையுடையவை என்பதால் கொத்தாகச் சேர்ந்து மிதப்பதும், மண்துகளில் ஒட்டியே கிடப்பதும், பிப்பெட்டின் உட்சுவரில் பிடித்துக்கொள்வதும் நடக்கின்றன. அதனால் ஒவ்வொரு படிக்கும் புதிய பிப்பெட் வேண்டும். கரைசலில் ட்வீன் 80 என்ற சோப்பு போன்ற பொருளை மிகச் சிறிதளவு சேர்ப்பது கொத்துகளைப் பிரிக்க உதவும். குழாயை நன்கு கலக்கிய உடனே உறிஞ்ச வேண்டும். கலக்கிவிட்டுப் பேச்சில் ஐந்து நிமிடம் கழிந்தால், களிமண்ணோடு சேர்ந்து வித்துகளும் அடியில் இறங்கிவிடும். அதன்பின் அடுத்தடுத்த குழாய்களின் எண்ணிக்கை பத்துக்குப் பத்தாகக் குறையாமல் தாறுமாறாக வரும். கவனக்குறைவு நடந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.

கடைசி மூன்று குழாய்களிலிருந்து, தட்டுக்கு 0.1 மில்லிலிட்டர் வீதம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டுகளில் வளைந்த கண்ணாடிக் கோலால் பரப்ப வேண்டும். உருகிய அகாருடன் கலந்து ஊற்றும் முறையும் இருக்கிறது. ஆனால் அதில் அகாருக்குள் புதைந்த காலனிகள் மேல் இழையையும் வித்தையும் உருவாக்காமல் சிறு புள்ளிகளாக நின்றுவிடுவதால், அடையாளம் காண்பது கடினம். பரப்பும் தட்டு முதலில் உலர்ந்திருக்க வேண்டும். மேற்பரப்பில் நீர்ப்படலம் இருந்தால், நீந்தக்கூடிய பாக்டீரியாக்கள் அதைப் பாதையாக்கிக்கொண்டு தட்டெங்கும் பரவிவிடும். ஊற்றிய தட்டுகளை ஒரு நாள் முன்னதாகவே உலர வைப்பது இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் தவிர்க்கும்.

ஊடகம் என்பது இரண்டாவது சல்லடை. பரவலாகப் பயன்படும் மாவுச்சத்துக் கேசீன் அகாரில், ஒரு லிட்டருக்கு மாவுச்சத்து 10 கிராம்; கேசீன் 0.3 கிராம் மட்டுமே. பொட்டாசியம் நைட்ரேட், சாதாரண உப்பு, டைபொட்டாசியம் பாஸ்பேட் ஆகியவை தலா 2 கிராம். மக்னீசியம் சல்பேட், கால்சியம் கார்பனேட், இரும்பு சல்பேட் ஆகியவை மிகச் சிறிதளவு. அகார் 15 முதல் 18 கிராம். இதன் நுட்பம் இருக்கும் பொருள்களைவிட இல்லாத பொருள்களில் இருக்கிறது. எளிய சர்க்கரை இல்லை, பெப்டோன் இல்லை. உடனே உண்ணத்தக்கது எதுவும் இல்லாத தட்டில் வேகமாக வளர்பவற்றுக்கு வேகம் பயன்படாது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் தன் நொதியால் மாவுச்சத்தை உடைத்து, நைட்ரேட்டிலிருந்து நைட்ரஜனை எடுத்து நிதானமாக வளர்கிறது. ஊடகத்தின் pH அளவு 7.0 முதல் 7.2 வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் பூஞ்சைகள் முந்திக்கொள்ளும்.

பூஞ்சையை அடக்க, ஆறிவரும் ஊடகத்தில் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் அளவில் சைக்ளோஹெக்ஸிமைடும், சில வேளை அத்துடன் நிஸ்டாட்டினும் சேர்ப்பார்கள். இந்த இரண்டுமே ஸ்ட்ரெப்டோமைசிஸிலிருந்து கிடைத்தவை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தம் உறவினரைத் தேடும் வேலையில் அவையே காவல் நிற்கின்றன. சைக்ளோஹெக்ஸிமைடு மனிதச் செல்லுக்கும் நஞ்சு என்பதால் கையுறையின்றி அதைத் தொடக் கூடாது. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவை அடக்க நாலிடிக்சிக் அமிலமும் சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும் ஒவ்வொரு தடுப்புப்பொருளும், அதைத் தாங்காத ஆக்டினோமைசீட்களையும் சேர்த்தே விலக்குகிறது. ஒரே மண்ணை, தடுப்புப்பொருள் உள்ள தட்டிலும் இல்லாத தட்டிலும் பரப்பி ஒப்பிட்டுப் பார்க்காமல், எவ்வளவு விலக்கப்பட்டது என்று சொல்ல முடியாது.

தட்டுகளைக் கவிழ்த்து 28 டிகிரியில் வைத்து, அகார் காய்ந்துபோகாதபடி பையில் இட்டு, இரண்டு வாரம் பொறுத்திருக்க வேண்டும். காலனி தோன்றும் நாளே அதன் முதல் அடையாளச் சான்று. முதல் இரண்டு நாட்களில் தெரிவனவற்றைத் தட்டின் அடிப்புறத்தில் பேனாவால் குறித்துவிட வேண்டும். அவை பெரும்பாலும் பேசில்லஸும் மற்றப் பாக்டீரியாக்களுமே. நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை எழுபவற்றில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் மிகுதி. இரண்டாம் வாரத்திலும் அதன் பிறகும், மேல் இழையே இல்லாமல் ஆரஞ்சு நிறத்தில் தோன்றி மெல்லக் கறுக்கும் சிறு காலனிகள் தென்படலாம். அவை மைக்ரோமோனோஸ்போராவாக இருக்கக்கூடும். ஏழாம் நாளில் தட்டுகளைத் தூக்கி எறிபவர் அவற்றைப் பார்ப்பதேயில்லை. ஜென்டாமைசின் மைக்ரோமோனோஸ்போராவிலிருந்து வந்தது என்பதை நினைத்தால், அந்த ஒரு வாரச் சேமிப்பு மலிவானதல்ல.

ஸ்ட்ரெப்டோமைசிஸ் காலனியைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். முதலில் தோல்போல் இறுகி, பிறகு வெள்ளை, சாம்பல், இளமஞ்சள், இளஞ்சிவப்பு எனப் பொடி பூத்ததுபோல் மாறும். வளையத்தால் எடுக்கப் போனால் வழுக்கிக்கொண்டு வராது; அகாருக்குள் வேரூன்றி நிற்பதால் சில்லாகப் பெயரும், அல்லது வரவே வராது. தட்டைத் திறந்தால் மழை பெய்த மண்ணின் மணம் வீசும். அது ஜியோஸ்மின் என்ற பொருளின் மணம். மணம் ஒன்றை மட்டும் நம்பிவிடக் கூடாது, ஏனெனில் ஒரு காலனியின் மணம் தட்டு முழுவதற்கும் பரவும். ஏமாற்றக்கூடியவை இரண்டு. பேசில்லஸில் சில வறண்டு சுருங்கிய காலனி அமைக்கும். பேசில்லஸ் மைக்காய்ட்ஸ் இறகுபோல் கிளைத்துப் படரும். ஆனால் அது ஓரிரு நாளிலேயே தட்டில் பாதியைப் பிடித்துவிடுவதால் வேகமே அதைக் காட்டிக்கொடுக்கும். மற்றது பூஞ்சை: காலனியின் ஓரத்தை நுண்ணோக்கியில் 400 மடங்கில் பார்த்தால், ஆக்டினோமைசீட்டின் இழை ஏறத்தாழ ஒரு மைக்ரான் தடிப்பும், பூஞ்சையின் இழை அதைப்போல் பல மடங்கு தடிப்பும் கொண்டிருப்பது ஐயத்தைத் தீர்க்கும்.

எண்ணிக்கையை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். 10⁻⁴ குழாயிலிருந்து பரப்பிய மூன்று தட்டுகளில் முறையே 45, 52, 47 ஆக்டினோமைசீட் காலனிகள் எழுந்தன என்று கொள்வோம். சராசரி 48. ஒவ்வொரு தட்டிலும் 0.1 மில்லிலிட்டர் பரப்பியதால், தட்டில் உண்மையில் சேர்ந்தது ஒரு கிராம் மண்ணின் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே கிராமுக்கு 48 லட்சம். தனியே ஒரு பகுதி மண்ணை 105 டிகிரியில் முழுதும் உலர்த்தி நிறுத்ததில் நான்கு விழுக்காடு நீர் இருந்தது எனில், 48 லட்சத்தை 0.96ஆல் வகுத்து, உலர்மண் கிராமுக்கு 50 லட்சம் என்று எழுதலாம். இப்போது பக்கத்துத் தட்டுகளையும் பார்க்க வேண்டும். 10⁻⁵ தட்டுகளில் நான்கு, ஆறு, ஐந்து என்று இருந்தால் கணக்கு பொருந்துகிறது. அந்த எண்கள் மிகச் சிறியவை என்பதால் அவற்றைச் சரிபார்ப்புக்கு மட்டும் கொள்ளலாம். 10⁻³ தட்டுகளில் 480 வர வேண்டிய இடத்தில் 190 மட்டும் வந்தால், எண்ணியவரின் கண் தவறியது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடக் கூடாது. நெருக்கத்தில் காலனிகள் ஒன்றையொன்று அடக்கியிருக்கின்றன. எதிர்ப்பிகளை வெளிவிடும் உயிரிகளை எண்ணும்போது இது எதிர்பார்க்கத்தக்கதே. பொதுவான பாக்டீரியாக் கணக்கில் ஒரு தட்டுக்கு 300 காலனி வரை ஏற்பார்கள். ஆக்டினோமைசீட்களுக்கு, அதிலும் காலனிகளைத் தனித்தெடுக்கும் நோக்கம் இருந்தால், நூறைத் தாண்டாமலிருப்பது நல்லது என்பது என் கருத்து.

இவ்வளவு கவனமாகக் கிடைத்த 50 லட்சமும் மண்ணிலுள்ள ஆக்டினோமைசீட்களின் அளவைச் சொல்வதில்லை என்பதுதான் இந்த முறையின் பெரிய குறை. காலனி ஒவ்வொன்றும் ஒரு வித்திலிருந்தோ இழைத்துண்டிலிருந்தோ வித்துக்கொத்திலிருந்தோ எழுந்திருக்கலாம். ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் வளர்ச்சியை முடித்து வித்து உதிர்த்துவிட்டால், அதிலிருந்து ஆயிரக்கணக்கில் காலனி எழும். இழையாகவே இருந்து சுறுசுறுப்பாக வளர்ந்துகொண்டிருந்தால், உலர்த்தலிலும் ஆட்டலிலும் சிதைந்து ஒன்றிரண்டு காலனியோடு முடியும். தட்டு எண்ணுவது பெரும்பாலும் உறங்கும் வித்துகளை. அதனால், வித்தை நிறைய உதிர்க்கும் சாதாரண வகைகள் தட்டில் மிகையாகத் தெரிகின்றன. வித்து குறைந்த அரிய வகைகள் மறைந்துபோகின்றன.

இந்தச் சாய்வு எதிர்ப்பித் தேடலில் நேரடியாக வந்து முட்டுகிறது. காலனியைப் பல்குத்தும் குச்சி அல்லது ஊசியால் எடுத்து, ஈஸ்ட் சாறும் மால்ட் சாறும் கொண்ட அகாரில் கோடிட்டு, ஒரே தோற்றமுள்ள தனிக்காலனிகள் வரும் வரை மீண்டும் மீண்டும் கோடிட்டுத் தூய்மையாக்க வேண்டும். காலனிக்கு அடியில் ஒரு பாக்டீரியா ஒளிந்திருப்பது சாதாரணம். பொடி பூத்த மேற்பகுதியை மட்டும் தொட்டால் அது குறையும். தூய வளர்ப்பை ஏழெட்டு நாள் வளர்த்து, ஆறு மில்லிமீட்டர் அளவுள்ள அகார் வட்டுகளாகக் குத்தியெடுத்து, சோதனைப் பாக்டீரியா பரப்பிய தட்டின் மேல் வைத்து, சில மணி நேரம் குளிரில் ஊறவிட்டு, பின் 37 டிகிரியில் ஓர் இரவு வைத்தால், எதிர்ப்பி பரவிய இடத்தில் வளர்ச்சியற்ற தெளிந்த வட்டம் தோன்றும். வட்டத்தைக் கண்டவுடன் மகிழ்வதற்கு முன், எதுவும் வளர்க்காத அதே ஊடக வட்டு ஒன்றும், அமிலத்தன்மைச் சோதனையும் தேவை. வளர்ப்பு வெளிவிட்ட அமிலமும் சில பாக்டீரியாக்களைத் தடுக்கும். செயலுள்ள வளர்ப்பை உடனே 20 விழுக்காடு கிளிசராலில் உறையவைக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசிஸின் குரோமோசோம் நேர்கோட்டு வடிவானது. அதன் முனைகள் நிலையற்றவை. தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால் சில மாதங்களில் வளர்ப்பு வழுக்கையாகி, வித்தோடு எதிர்ப்பியையும் இழந்துவிடுவது பலரின் அனுபவம்.

அதன் பிறகு எஞ்சுவது, கிடைத்தது புதியதா என்ற கேள்வி. மண்ணிலிருந்து பிரிக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று ஸ்ட்ரெப்டோத்ரைசினையும், நூறில் ஒன்று ஸ்ட்ரெப்டோமைசினையும் உண்டாக்குகின்றன என்பது பல ஆண்டுத் தேடலில் தெரிந்துவந்த மதிப்பீடு. வான்கோமைசின், டாப்டோமைசின் போன்றவற்றை உண்டாக்குபவை பல்லாயிரத்தில் ஒன்றுக்கும் மிக அரியவை. ஆகவே ஒரு சிறிய ஆய்வகம் ஐந்நூறு வளர்ப்புகளைச் சோதித்தால், ஈ. கோலி என்ற சோதனைப் பாக்டீரியாவைத் தடுக்கும் வட்டங்களில் பெரும்பகுதி 1942இலேயே கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோத்ரைசினுக்கே உரியதாக இருக்கும். இதைத் தவிர்க்கக் குறைந்த செலவில் உள்ள வழி, ஸ்ட்ரெப்டோத்ரைசினுக்கும் ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் எதிர்ப்பு மரபணு பெற்ற ஈ. கோலியை, சாதாரண ஈ. கோலிக்குப் பக்கத்தில் வைத்து ஒரே வளர்ப்பால் சோதிப்பது. சாதாரண வகையில் பதினெட்டு மில்லிமீட்டர் வட்டமும், எதிர்ப்பு பெற்ற வகையில் ஒன்றுமே இல்லாமலும் வந்தால் அந்த வளர்ப்பை ஒதுக்கி வைக்கலாம். இரண்டிலும் ஒரே அளவு வட்டம் வருவதை மட்டும் அடுத்த கட்டமான வேதிப்பிரிப்புக்கு அனுப்பினால் போதும்.